மூன்று முறை திருத்தியும் "போன தடவை அனுப்பினதேதானே" என்கிறார்: திருத்தத்தைக் காட்டும் மெயிலை எப்படி எழுதுவது?

கேள்வி: வணக்கம் அக்கா. வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். காங்கேயம் பக்கம் ஒரு செக்கு எண்ணெய்க்காரருக்கு 1 லிட்டர் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு லேபிள் போட்டுக் கொடுக்கிறேன். மூன்று முறை திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும், "போன தடவை அனுப்பினதேதானம்மா இது, என்ன மாத்தியிருக்கீங்க?" என்கிறார். இரண்டு திருத்தம்தான் என்று முதலிலேயே பேசியிருந்தோம், அதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. தேதி போட்டு, குறி போட்டு, ஸ்கிரீன்ஷாட்டுகளோடு ஒரு மெயில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஆனால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை எப்படி எழுதுவது?

பதில்: அனுப்புங்கள். சரியாக எழுதினால் அது நோட்டீஸாகத் தெரியாது, அவருக்கு உதவியாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதைப் பாருங்கள். மெயிலின் வடிவமே அதிலிருந்துதான் வரப்போகிறது.

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் பிடிஎஃப்பை அவர் போனில் திறக்கிறார். போன், லேபிள் முழுவதையும் திரையின் அகலத்துக்குள் சுருக்கிக் காட்டுகிறது. 200 மில்லிமீட்டர் அகலமுள்ள லேபிள் ஏழு சென்டிமீட்டர் திரைக்குள் வந்துவிட்டால், நீங்கள் 5 மில்லிமீட்டர் பெரிதாக்கிய எழுத்து அங்கே 2 மில்லிமீட்டர்கூடப் பெரிதாவதில்லை. பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் அவருக்கு வழி இல்லை. ஞாபகத்தில் இருப்பதோடுதான் ஒப்பிடுகிறார். மூன்று கோப்புக்கும் `label final.pdf` என்று ஒரே பெயர் வைத்திருந்தால், மேலே தேடிப்போய்ப் பழையதையே திறந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. லேபிள் வேலையில் இது அடிக்கடி நடக்கிறது.

ஆக, அவரால் பார்க்க முடியாததைப் பார்க்க வைப்பதுதான் இந்த மெயிலின் வேலை. நீங்கள் உழைத்தீர்கள் என்று நிரூபிப்பது அதன் வேலை இல்லை. உழைப்பை நிரூபிக்க உட்கார்ந்தால் எல்லாத் திரையையும் எடுத்துப் போட்டுவிடுவீர்கள். இருபது படம் இருக்கும், அவர் ஒன்றைக்கூடத் திறக்க மாட்டார். அவர் சொன்ன ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு படம், அதற்கு ஒரு வரி, அவ்வளவு போதும். அதிலேயே உங்கள் உழைப்பு தெரிந்துவிடும்.

முதலில் அவர் சொன்னதையெல்லாம் ஓர் இடத்தில் எழுதுங்கள். போனில் சொன்னது, குரல் பதிவில் சொன்னது, நள்ளிரவில் தட்டிவிட்ட ஒரு வரி, எல்லாவற்றையும் அவர் சொன்ன தேதியோடு, முடிந்தவரை அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். "பிராண்ட் பெயரின் முக்கியத்துவம் அதிகரிக்கப்பட்டது" என்று நீங்கள் மாற்றி எழுதினால் அது தன் குறிப்பு என்றே அவருக்குத் தெரியாது. "பேரு இன்னும் பெருசா தெரியணும்" என்று போட்டால் உடனே தெரியும். நம் சொற்களை அவர் மேல் திணிக்காமல் இருப்பதுதான் இந்த மெயிலில் மரியாதை என்பது. நோட்டீஸ் போலத் தெரியாமல் இருப்பதற்கும் பாதி வழி அதுவே.

அப்புறம் படங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய திருத்தத்தின் படத்தை உங்கள் வேலைக் கோப்பைத் திறந்து எடுக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்து எடுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் கோப்பில் தேங்காய்ப் படத்தை உள்ளே பதிக்காமல் லிங்க்காக வைத்திருந்தால், பிறகு அந்தப் படத்தைத் திருத்தி அதே பெயரில் சேமித்திருப்பீர்கள். இப்போது பழைய கோப்பைத் திறந்தாலும் புதிய தேங்காய்தான் வரும். "முன்பு", "இப்போது" இரண்டிலும் ஒரே தேங்காய் இருந்தால் அவர் சொன்னதே உண்மை என்றாகிவிடும். ஃபான்ட் விஷயமும் இப்படித்தான். நடுவில் ஒரு தமிழ் ஃபான்ட்டை நீக்கியிருந்தாலோ புதுப்பித்திருந்தாலோ பழைய கோப்பு வேறு மாதிரி திறக்கும். அனுப்பிய பிடிஎஃப் மட்டும்தான் அவர் அன்று பார்த்தது.

இரண்டு பிடிஎஃப்பையும் ஒரே ஜூமில் வையுங்கள். 200 சதவீதம் என்றால் இரண்டும் 200 சதவீதம். ஒன்று 180, இன்னொன்று 200 என்று இருந்தால் எழுத்து நீங்கள் மாற்றியதால் பெரிதாகத் தெரிகிறதா, ஜூமினால் தெரிகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. விண்டோஸில் Win + Shift + S, மேக்கில் Shift + Command + 4 அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். லேபிள் முழுவதையும் எடுக்காதீர்கள். மாறிய இடமும், அது லேபிளில் எங்கே இருக்கிறது என்று அடையாளம் தெரியும் அளவுக்குச் சுற்றுப்புறமும் வந்தால் போதும். இரண்டு வெட்டும் ஒரே அளவாக இருக்கட்டும்.

எழுத்துள்ள படங்களை பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் அழுத்தும்போது எழுத்தின் ஓரங்களில் அழுக்கு மாதிரி படியும். தமிழில் புள்ளியும் சுழியும் சின்னவை, அவைதான் முதலில் கலங்கும். பின்பக்க எழுத்து தெளிவாக இல்லை என்று சொன்னவருக்குக் கலங்கிய படத்தை அனுப்பினால் காரியம் கெட்டுவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் இப்படி அழுத்திவிடும், அதனால்தான் இதை மெயிலில் அனுப்பச் சொல்கிறேன்.

இந்த வெட்டுகளை வேறொரு புதிய கோப்பில் கொண்டுபோய் வையுங்கள். ஃபிக்மா, கேன்வா, பவர்பாயின்ட் எதுவானாலும் சரி. இடப்பக்கம் முன்பு, வலப்பக்கம் இப்போது. குறிகளை இந்தக் கோப்பில்தான் போட வேண்டும். அச்சுக்குப் போகிற லேபிள் கோப்பில் ஒரு தனி லேயர் போட்டுக் குறித்துவிட்டு, அப்புறம் மறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மறைக்க மறந்த ஒரு லேயர் ஐயாயிரம் ஸ்டிக்கரில் ரோஸ் நிற வட்டத்தோடு அச்சாகிவிடும்.

குறிகளுக்கு லேபிளில் எங்கும் இல்லாத ஒரு நிறத்தை எடுங்கள். தேங்காய் எண்ணெய் லேபிள் பெரும்பாலும் பச்சை, வெள்ளை, பழுப்பு. அதில் மெஜந்தா தனியாகத் தெரியும். சிவப்பு வேண்டாம், தவறைச் சுழித்தது போல ஒரு வாத்தியார் வாசனை அதில் இருக்கிறது. வட்டத்துக்குள் ஓர் எண்ணை எழுதி, அதை மாறிய இடத்துக்கு வெளியே வைத்து, அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு இழுங்கள். மாறிய எழுத்தின் மேலேயே வட்டத்தைப் போட்டால் காட்ட வந்ததை நீங்களே மறைக்கிறீர்கள். எண்கள் மெயிலில் உள்ள எண்களோடு அப்படியே பொருந்த வேண்டும். படத்துக்குள் நீளமாக விளக்கம் எழுத வேண்டாம், போனில் படிக்க முடியாது. விளக்கம் மெயிலில், எண் படத்தில்.

ஒவ்வொரு பாதிக்கும் அடியில் தேதியை எழுத்தாகவே போடுங்கள். கோப்பின் தேதியை நம்ப முடியாது, தரவிறக்கினால், நகலெடுத்தால் மாறிவிடும். நீங்கள் பழைய திருத்தத்தை இன்றைக்குத்தான் படம் எடுக்கிறீர்கள் அல்லவா? அதையும் மறைக்காமல் எழுதுங்கள்: "2ஆம் திருத்தம், அனுப்பியது 28.07.2025, படம் எடுத்தது 12.08.2025". அனுப்பிய தேதியை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் அந்தச் செய்திக்கு மேல் இருக்கும் தேதியைப் பார்த்து எழுதுங்கள். ஒரே ஒரு தேதி ஒரு நாள் தள்ளிப்போய், அவர் தன் போனில் வேறொன்றைப் பார்த்துவிட்டால், மற்ற எல்லாத் தேதிகள் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி வையுங்கள்: `label-1L_r2_2025-07-28_front.png`. இப்படி வைத்தால் பெயர்ப்படி அடுக்கும்போது காலவரிசையும் தானாக வந்துவிடும். நாளை முன்னால் வைத்தால் 06.08 மேலேயும் 28.07 கீழேயும் போய் நிற்கும்.

அடுத்து, நான் மிக முக்கியமாக நினைப்பது. கேட்டு மாறியவற்றை எல்லாரும் காட்டுகிறார்கள். கேட்காமல் மாறியவற்றை யாரும் காட்டுவதில்லை. லேபிளில் இடம் அளவானது. ஒன்றைப் பெரிதாக்கினால் இன்னொன்று சுருங்கியே ஆக வேண்டும். பின்பக்க எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார், பெரிதாக்கினீர்கள். அதற்கு இடம் வேண்டி அவருடைய தாத்தா காலத்துச் செக்கைப் பற்றிய பத்தியில் மூன்று வரியை எடுத்திருப்பீர்கள், அல்லது வாடிக்கையாளர் சேவை எண்ணை ஓரத்துக்குத் தள்ளியிருப்பீர்கள். நீங்கள் அதைச் சொல்லவில்லை. அவர் அடுத்த வாரம் கவனிக்கிறார். "நான் சொன்னதைச் செய்யல, சொல்லாததைச் செஞ்சிருக்காங்க" என்கிறார். அந்த நிமிஷத்தில் உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும், அதற்கப்புறம் எத்தனை படம் அனுப்பினாலும் பயன் குறைவு. அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடுத்து, அதனால் வேறு என்ன நகர்ந்தது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள், படத்திலும் குறியுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே அவர் உங்கள் மெயிலைத் தேடிப் படிக்க ஆரம்பிப்பார்.

உணவு லேபிளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கம். பத்தியை நகர்த்தும்போதோ மறுபடி தட்டும்போதோ ஓர் இலக்கம் போனால் கண்ணுக்குத் தெரியாது. நிகர அளவு, விலை போன்றவற்றுக்கு எழுத்து இவ்வளவு உயரமாவது இருக்க வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகளும் சொல்கின்றன. "கொஞ்சம் சின்னதாக்கி ஓரமா வைங்க" என்று அவர் சொன்னாலும் எல்லாவற்றையும் சுருக்கிவிட முடியாது. இந்தப் பகுதியை மட்டும் ஒவ்வொரு திருத்தத்திலும் பெரிதாக வெட்டி ஒரு படமாக வைத்து, எண்களை அவரையே சரிபார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உரிமம் அவர் கையில்தான் இருக்கிறது.

உங்கள் லேபிளில் அவர் என்னென்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த மாதிரி வேலையில் வழக்கமாக வருகிற குறிப்புகளை வைத்தே ஒரு மாதிரி எழுதித் தருகிறேன். தேதியையும் அளவையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

> பொருள்: 1 லிட்டர் லேபிள், 3ஆம் திருத்தம் (06.08.2025): 3 முடிந்தது, 2க்கு உங்கள் பதில் வேண்டும்
>
> வணக்கம் சார்,
>
> 3ஆம் திருத்தத்தில் மாறியவற்றைப் போனில் பார்ப்பது கஷ்டமாக இருந்திருக்கும். அதனால் 28.07 அன்று அனுப்பியதையும் 06.08 அன்று அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய இடத்தில் எண் போட்டிருக்கிறேன். 04.08 அன்று நீங்கள் போனில் சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.
>
> 1. "பேரு இன்னும் பெருசா தெரியணும்." பெயரின் உயரம் 12 மி.மீ. இருந்தது, இப்போது 17 மி.மீ. இதற்கு இடம் வேண்டி மேலே இருந்த இலை வளைவை எடுத்துவிட்டேன். (படம் 1)
>
> 2. "தேங்காய் டல்லா இருக்கு." வேறு படம் வைத்திருக்கிறேன், உடைத்த தேங்காயின் வெள்ளை முன்னால் தெரிகிறது. நிறத்தை மட்டும் போனில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அச்சகத்தில் ஒரு மாதிரி எடுத்துப் பார்க்கலாம். (படம் 2)
>
> 3. "பின்னாடி எழுத்தே படிக்க முடியல." எழுத்தின் உயரம் 1.2 மி.மீ.யிலிருந்து 1.6 மி.மீ. ஆகியிருக்கிறது. இதனால் உங்கள் செக்கைப் பற்றிய பத்தி 9 வரியிலிருந்து 6 வரியாகக் குறைந்தது. எடுத்த மூன்று வரி எவை என்று படத்தில் குறித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் கட்டாயம் வேண்டும் என்றால் சொல்லுங்கள். (படம் 3)
>
> 4. "மொத்தத்துல இன்னும் எடுப்பா இருக்கணும்." இதை இன்னும் தொடவில்லை. கீழே இரண்டு சின்ன மாதிரி வைத்திருக்கிறேன்: அ. பின்னணி கரும்பச்சை, ஆ. பின்னணி வெள்ளை, பெயர் மட்டும் கரும்பச்சை. எது உங்கள் மனதில் இருப்பதற்குப் பக்கத்தில் வருகிறது? (படம் 4)
>
> 5. "500 மில்லிக்கும் ஒண்ணு போட்டுடுங்க." இது நாம் முதலில் பேசிய வேலையில் இல்லை. பாட்டில் அளவு மாறுவதால் லேபிளை மறுபடி அடுக்க வேண்டியிருக்கும். இதற்கான தொகையையும் நாளையும் தனி மெயிலில் அனுப்புகிறேன். வேண்டும் என்றால் அதற்குப் பதில் போடுங்கள்.
>
> உரிம எண், நிகர அளவு, விலை இருக்கும் பகுதி படம் 5இல் பெரிதாக இருக்கிறது. உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை எண்களை ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.
>
> நாம் பேசியது 2 சுற்றுத் திருத்தம். இது மூன்றாவது, இதற்குத் தனிக் கட்டணம் சேர்க்கவில்லை. 4ஆம் குறிப்பையும் இதிலேயே முடித்துத் தருகிறேன். அதற்கு மேல் வரும் மாற்றங்களுக்குச் சுற்றுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.
>
> முழு லேபிள் பிடிஎஃப்பாக இணைப்பில் உள்ளது. ஏ4 தாளில் 100 சதவீத அளவில் அச்செடுத்து பாட்டிலில் சுற்றிப் பாருங்கள், அளவுகள் அப்போதுதான் சரியாகத் தெரியும். 3, 4ஆம் குறிப்புகளுக்கும் எண்களுக்கும் வியாழன் 14.08க்குள் பதில் வந்தால் 18.08 அன்று அச்சகத்துக்குக் கோப்பு தயாராகிவிடும்.
>
> நன்றி.

இதில் சிலவற்றை நான் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அளவுகளைப் பாயின்ட்டில் சொல்லவில்லை, மில்லிமீட்டரில் சொன்னேன். 18 பாயின்ட், 26 பாயின்ட் என்பது நமக்குத்தான் கணக்கு. மில்லிமீட்டர் என்றால் அவர் ஸ்கேலை எடுத்துத் தாளில் வைத்துத் தானே பார்த்துக்கொள்வார். ஆனால் அச்செடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற அமைப்பு இருந்தால் அளவு சுருங்கிவிடும், அதனால்தான் 100 சதவீதம் என்று குறிப்பிட்டேன். 200 மி.மீ. லேபிளை ஏ4 தாளில் படுக்கைவாக்கில் அச்செடுக்க வேண்டும், நிமிர்த்தி வைத்தால் சில அச்சு இயந்திரங்களில் ஓரம் வெட்டுப்படும். கடையில் அச்செடுப்பார் என்றால் இதையும் ஒரு வரி சேருங்கள்.

"எடுப்பா இருக்கணும்" என்பதற்கு நான்காவது திருத்தத்தை நீங்களாக ஊகித்துச் செய்யாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் நிறம், அளவு, படம், பளபளப்பு எது வேண்டுமானாலும் இருக்கலாம். முழுதாகச் செய்து காட்டிவிட்டு "இது இல்ல" என்று கேட்பதைவிட, அரை மணி நேரத்தில் இரண்டு சின்ன மாதிரி காட்டி எந்தப் பக்கம் என்று கேட்பது நல்லது. அவர் இரண்டும் வேண்டாம் என்றாலும், ஏன் வேண்டாம் என்று சொல்லும்போது உங்களுக்குத் தேவையான விஷயம் கிடைத்துவிடும்.

நிறத்தைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டால் காட்ட முடியாதது அதுதான். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. சில போன்களில் பச்சை பளிச்சென்று துள்ளும், அதே பச்சை சிஎம்ஒய்கே அச்சில் அடங்கிவிடும். போனில் பார்த்து "சரி" என்று சொன்ன நிறத்தை அச்சில் பார்த்து "இது இல்லையே" என்பார், அதில் அவர் தவறும் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை வைத்து இடம், அளவு, எழுத்து இந்த மூன்றுக்கு மட்டும் ஒப்புதல் வாங்குங்கள். நிறத்துக்கு அச்சக மாதிரிதான்.

மூன்றாவது சுற்றைப் பற்றிய வரியில் உங்களுக்குத் தயக்கம் வரலாம். "ஏற்கெனவே பலமுறை சொன்னபடி" மாதிரியான தொடர் எதுவும் அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். நடந்தது என்ன, இனி என்ன, அவ்வளவுதான். முன்கூட்டிச் சொல்லாமல் செய்துவிட்ட சுற்றுக்கு இப்போது பணம் கேட்டால் தகராறுதான் மிஞ்சும். அதை விட்டுவிட்டு, இனி வருவதற்குக் கோடு போடுங்கள். தர வேண்டிய பழைய பாக்கி ஏதாவது இருந்தால் இந்த மெயிலில் கலக்காதீர்கள். பணம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் கண் அதில்தான் நிற்கும், படங்களைப் பார்க்க மாட்டார்.

"14.08க்குள் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வேன்" என்று சிலர் எழுதுகிறார்கள். வேலை தொடங்கும்போதே அப்படி ஒரு நிபந்தனையை இருவரும் பேசி ஒப்புக்கொண்டிருந்தால் எழுதலாம். இல்லாதபோது நடுவில் நுழைத்தால் அது மிரட்டலாகத்தான் படும், அச்சுக்குப் போன பிறகு அது உங்களைக் காப்பாற்றும் என்ற உறுதியும் இல்லை. அதற்குப் பதிலாக, அவர் பதில் தாமதமானால் எந்த நாள் தள்ளிப்போகும் என்று எழுதுங்கள். பண்டிகைக்கு முன் சரக்கு கடைக்குப் போக வேண்டிய அவசரம் அவருக்கு இருக்கிறது, அந்தத் தேதியே அவரை நகர்த்தும்.

அனுப்பும் முறையில் இரண்டு விஷயம். படங்களை இணைப்பாக மட்டும் வைக்காமல், அந்தந்தக் குறிப்புக்கு அடியிலேயே மெயிலுக்குள் பதியுங்கள். இணைப்பைத் திறந்து, பார்த்து, திரும்பி வந்து படிப்பதற்குள் எந்த எண் என்று மறந்துபோகும். மொத்த அளவு 25 எம்பியைத் தாண்டினால் ஜிமெயில் அதை டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். லிங்க்கைத் திறக்க அனுமதி கேட்டு அவர் நின்றுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வெட்டிய படங்கள் ஐந்தும் ஒரு பிடிஎஃப்பும் வழக்கமாக அந்த அளவுக்குப் போகாது. பிடிஎஃப் பெரிதாக இருந்தால் பார்வைக்கு மட்டும் சின்ன அளவில் ஒன்று தயாரியுங்கள். அப்புறம், மெயில் போனதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "சார், மெயில் அனுப்பியிருக்கேன், 1 முதல் 5 வரை எண் போட்டிருக்கேன், நேரம் கிடைக்கும்போது பாருங்க." அவர் வாட்ஸ்அப்பில் வாழ்கிறவர், மெயிலை நாள் கழித்துத்தான் பார்ப்பார்.

இது பின்னால் சாட்சியாக உதவுமா என்ற எண்ணமும் உங்களுக்குள் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டை யாரும் திருத்திவிடலாம் என்பதால் அதற்குத் தனியாக மதிப்பு குறைவு. நீங்கள் அனுப்பிய மெயிலும் அதற்கு அவர் போட்ட பதிலும் சேர்ந்திருப்பதுதான் வலு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியாகக் கொடுக்கும்போது அதோடு ஒரு சான்றிதழும் வேண்டும் என்கிறது. அந்த அளவுக்குப் போனால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, அனுப்பிய மெயிலையும் அன்றைக்கு அனுப்பிய பிடிஎஃப்களையும் அழிக்காமல் வைத்திருப்பது. ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு மெயில் எழுதாதீர்கள். எழுத்தின் தொனியில் அது தெரிந்துவிடும், நீங்கள் பயப்படுகிற நோட்டீஸ் அப்போதுதான் உருவாகும்.

அவர் மெயிலுக்குப் பதில் போடாமல் போனில் கூப்பிட்டு, "பாத்தேன்மா, மூணாவதுல அந்தக் கடைசி வரி மட்டும் வேணும், கலர் பச்சையே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். எழுத்தில்தான் வேண்டும் என்று அவரிடம் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். போனை வைத்ததும் அதே மெயிலுக்கு, பொருள் வரியை மாற்றாமல், நீங்களே பதில் போடுங்கள்: "சார், இப்போது போனில் சொன்னபடி: 3இல் கடைசி வரியை மறுபடி சேர்க்கிறேன். 4இல் அ மாதிரி, கரும்பச்சை. எண்களைச் சரிபார்த்தது பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுங்கள்." பொருள் வரியை மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். மாற்றாமல் விட்டால் கேட்டது, காட்டியது, ஒப்புக்கொண்டது எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். எண்களுக்குப் பதில் வரும்வரை கோப்பை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள்.